சீரகம், மல்லி, சோம்பு ஊறவைத்த தண்ணீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராத்திரி ஊறவைத்து காலையில் குடித்தால் செரிமானம் உண்மையிலேயே சரியாகுமா?

எந்தத் தொல்லைக்காகக் குடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சாப்பிட்டதும் வயிறு கும்மென்று இருப்பது, வாயு பிரியாமல் இறுக்கிப் பிடிப்பது, லேசான வயிற்று வலி போன்றவற்றுக்கு இந்த மூன்று விதைகளும் ஓரளவு கைகொடுக்கும். இவற்றில் இருக்கும் மணமான எண்ணெய்கள் குடல் சுவரின் தசையைக் கொஞ்சம் தளர்த்துகின்றன. இறுக்கம் விட்டால் அடைபட்டிருந்த வாயு நகர்ந்து வெளியே போகிறது. மூன்றில் இந்த வேலைக்கு அதிகம் சோதித்துப் பார்க்கப்பட்டது சோம்புதான்.

ஆனால் அல்சர், பித்தப்பைக் கல், நாள்பட்ட மலச்சிக்கல் எல்லாம் இதனால் குணமாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் முழு விதையை ராத்திரி முழுக்கப் போட்டுவைப்பது அந்த எண்ணெயை எடுப்பதற்கு மிகவும் பலவீனமான வழி.

ஏன்? எட்டு மணி நேரம் ஊறினால் சத்தெல்லாம் தண்ணீரில் இறங்காதா?

ஒரு சோம்பை எடுத்து முழுசாக முகர்ந்து பாருங்கள். வாசனை மெல்லியதாக இருக்கும். அதையே நகங்களுக்கு நடுவில் வைத்து நசுக்கினால் மணம் மூக்கில் ஏறும். நாம் விதை என்று சொல்வது தாவரவியல்படி காய்ந்த குட்டிக் கனி. அதன் தோலுக்குள் நீளவாக்கில் மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன, எண்ணெய் அவற்றுக்குள் அடைபட்டிருக்கிறது. குழாய் உடையாமல் எண்ணெய் வெளியே வராது. மல்லியும் அப்படித்தான். உருண்டையாக இருக்கும்வரை பெரிதாக மணக்காது, இரண்டாகப் பிளந்ததும்தான் மணக்கும்.

அப்புறம், இந்த எண்ணெய்கள் தண்ணீரில் எளிதாகக் கரையக்கூடியவை அல்ல. சோம்பில் இருக்கும் அனெத்தோல், சீரகத்தின் கியூமினால்டிஹைடு, மல்லியின் லினலூல் எல்லாமே தண்ணீரைவிட எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். குளிர்ந்த நீரில் இறங்குவது பெரும்பாலும் நிறம், கொஞ்சம் சர்க்கரைகள், கொஞ்சம் தாது உப்புகள், துவர்ப்பு தரும் பொருள்கள். காலையில் தண்ணீர் வெளிர் மஞ்சளாக மாறியிருப்பதைப் பார்த்து எல்லாம் இறங்கிவிட்டது என்று நினைக்கிறோம். எண்ணெய்க்குச் சொல்லும்படியான நிறம் கிடையாது. அது இறங்கியதா என்பதை மூக்கும் நாக்கும்தான் சொல்லும்.

அப்படியானால் எப்படிச் செய்வது?

நான் சொல்லும் முறை இது. சீரகம், மல்லி, சோம்பு ஒவ்வொன்றிலும் அரைத் தேக்கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கிராம் இருக்கும். குடிப்பதற்கு முன் ஒன்றிரண்டாக நசுக்குங்கள். பொடியாக அரைக்க வேண்டாம், வடிகட்ட வராது. நசுக்கியதன் மேல் 250 மில்லி கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, உடனே மூடி, 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். வடிகட்டி வெதுவெதுப்பாகக் குடியுங்கள்.

மூடுவதை விட்டுவிடாதீர்கள். திறந்த பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் வீடே கமகமக்கும். அந்தக் கமகமப்பு நீங்கள் குடித்திருக்க வேண்டியது. மணச் சரக்குகளிலிருந்து எண்ணெய் எடுப்பவர்களும் நீராவியில்தான் அதை ஓட்டிப் பிடிக்கிறார்கள், நாம் பிடிக்காமல் கூரைக்கு அனுப்பிவிடுகிறோம். மூடியின் உட்புறம் திரளும் துளிகளையும் கோப்பைக்குள்ளேயே தட்டிவிடுங்கள்.

மொத்தமாக நசுக்கி டப்பாவில் போட்டுவைத்தால் சில வாரங்களில் மணம் இறங்கிவிடும். முழு விதையாக வைத்திருந்து அன்றன்றைக்கு நசுக்குவதே நல்லது.

எனக்கு ஊறவைத்ததுதான் பிடிக்கிறது. ராத்திரி முழுக்க வெளியே இருந்தால் கெட்டுப்போகுமா?

கெடலாம். யாரும் அதிகம் பேசாத விஷயம் இது. காய்ந்த மசாலா விதைகளில் மண்ணிலிருந்து வந்த நுண்ணுயிரிகள் ஒட்டியிருப்பது சாதாரணம். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அடிக்கடி இருக்கும். எப்போதாவது சால்மோனெல்லாவும் இருக்கும், அது காய்ந்த பொருளில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சமையலில் இவற்றில் பெரும்பாலானவை வெந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. ஊறவைத்த தண்ணீரில் வேகும் கட்டமே இல்லை. ஈரமும், கொஞ்சம் சர்க்கரையும், அறையின் வெதுவெதுப்பும் எட்டு மணி நேரம் கிடைத்தால் அவை பெருகும்.

வழுவழுப்பு, நுரை, புளித்த வாடை இருந்தால் கொட்டிவிடுங்கள். ஆனால் இவை இல்லை என்பதற்காகத் தண்ணீர் நல்லது என்று ஆகிவிடாது, சால்மோனெல்லா மணத்தையோ நிறத்தையோ மாற்றாது. ஊறவைத்தே தீருவேன் என்றால் விதையைக் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரில் போட்டு, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் ஒரு கொதி விட்டுக் குடியுங்கள். வெளியே வைத்துவிட்டு, காலையில் கொதிக்கவைத்தால் போதுமே என்று கேட்பார்கள். பாக்டீரியா பெரும்பாலும் செத்துவிடும். ஆனால் பேசில்லஸ் சீரியஸின் சில வகைகள் உண்டாக்கும் வாந்தி நச்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. அதனால் வளரவிடாமல் இருப்பதுதான் வழி. வயதானவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஊறவைத்த பச்சைத் தண்ணீரைத் தொடாமல், சுடுநீர் முறைக்கே போய்விடுங்கள்.

ஆராய்ச்சி எல்லாம் இருக்கிறதே?

இருக்கிறது, ஆனால் அவற்றில் கொடுக்கப்பட்டது உங்கள் கோப்பையில் இருப்பது இல்லை. 2013-ல் ஈரானில் எரிச்சல் குடல் நோய் உள்ள 57 பேருக்குச் சீரக எண்ணெய்ச் சொட்டுகள் கொடுத்து, வலியும் உப்புசமும் குறைந்ததாக எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தில்லாத போலிச் சொட்டு பெற்ற குழு அதில் கிடையாது. சோம்பு எண்ணெயை மஞ்சளின் குர்குமினோடு சேர்த்து மாத்திரையாகக் கொடுத்த சோதனை ஒன்றில் ஒப்பீட்டுக் குழு இருந்தது, பலனும் தெரிந்தது. இரண்டிலும் கொடுத்தது அடர்த்தியான எண்ணெய். சீரகம் கணைய நொதிகளைத் தூண்டும் என்று சொல்வது எலிகளுக்கு உணவில் கலந்து கொடுத்துப் பார்த்ததிலிருந்து வந்தது.

ஐரோப்பிய மருந்து முகமை சோம்புத் தேநீரை லேசான வயிற்று இழுப்பு, உப்புசம், வாயு ஆகியவற்றுக்கு ஏற்கிறது. நீண்டகாலப் பயன்பாட்டை வைத்துத்தான் ஏற்கிறது, சோதனை முடிவை வைத்து அல்ல. அவர்கள் சொல்லும் முறையிலும் விதை அன்றைக்கே நசுக்கியது, தண்ணீர் கொதிக்கும் தண்ணீர்.

காலையில் வெறும் வயிற்றில்தான் குடிக்கணுமா?

வேண்டியதில்லை. உப்புசம் சாப்பிட்ட பிறகு வருகிறது என்றால் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் குடிப்பதுதான் பொருத்தம். வெறும் வயிறு என்ற பழக்கம் சிலருக்குக் கெடுதலாகவும் முடிகிறது.

தைராய்டு குறைவுக்கு லெவோதைராக்சின் சாப்பிடுகிறவர்கள் அதை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேறு எதையும் தொடக் கூடாது. பலர் இந்த விதைத் தண்ணீரும் தண்ணீர்தானே என்று மாத்திரையை அதிலேயே விழுங்குகிறார்கள். அந்த மாத்திரை உறிஞ்சப்படுவது சின்னச் சின்ன விஷயத்துக்கும் மாறக்கூடியது. மாத்திரைக்கு வெறும் தண்ணீர், ஒரு மணி நேரம் கழித்து இது.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமெப்பிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரும். மல்லியும் சீரகமும் சர்க்கரையைக் குறைக்கும் என்பார்கள். ஒரு கோப்பையில் அந்த அளவு வலு இல்லை. ஆனால் மருந்தை எடுத்துவிட்டு, இதைக் குடித்ததால் பசி எடுக்கவில்லை என்று காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவார்கள். பதினோரு மணிக்குக் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். தண்ணீர்மேல் பழி விழும், உண்மையில் சாப்பாடு தாமதமானதுதான் காரணம்.

குடிக்க ஆரம்பித்த பிறகு வயிறு முன்பைவிட அதிகமாக உப்புகிறது. இது நச்சு வெளியேறும் அறிகுறியா?

இல்லை. உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதன் அறிகுறி.

எரிச்சல் குடல் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. காரணம் ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி. வெங்காயம், பூண்டில் இருக்கும் அதே வகைதான். சிறுகுடல் அதை உடைப்பதில்லை, பெருங்குடல் பாக்டீரியா புளிக்கவைத்து வாயு ஆக்கும். எண்ணெய்க்கு நேர்மாறாக ஃப்ரக்டான் தண்ணீரில் நன்றாகக் கரையும். வலுவான சோம்புத் தேநீர் அதனால்தான் இந்த நோயாளிகளுக்கான தவிர்ப்புப் பட்டியலில் இருக்கிறது. நீண்ட நேரம் ஊறவைப்பது வேண்டிய எண்ணெயைக் குறைவாகவும், வேண்டாத ஃப்ரக்டானைத் தாராளமாகவும் இறக்கும்.

என் உறவுக்காரப் பெண் ஒருவர் ஒரு லிட்டர் பாட்டிலில் மூன்று விதையிலும் ஒவ்வொரு மேசைக்கரண்டி போட்டு ஊறவைத்து, வேலை நேரம் முழுக்கக் குடித்து வந்தார். இரண்டு வாரத்தில் மாலையானால் பாவாடை நாடாவைத் தளர்த்தும் அளவுக்கு வயிறு உப்பியது. பத்தவில்லை போல என்று அளவைக் கூட்டினார். இன்னும் மோசமானது. பிறகு இருவரும் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். முதல் நான்கு நாள் எதுவும் இல்லை, சாப்பாடு வழக்கம்போல. மூன்றாவது நாளே உப்புசம் பழைய அளவுக்கு இறங்கியது. பிறகு மூன்று நாள் சீரகம் மட்டும், அரைத் தேக்கரண்டி, ஒரு கோப்பை, சுடுநீரில். ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் இடைவெளி, பிறகு மூன்று நாள் மல்லி மட்டும். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுபடி ஒரு நாள் விட்டு, சோம்பு. இரண்டாம் நாள் மாலையே வயிறு இரைய ஆரம்பித்தது. சோம்பை நிறுத்தி, ஒரு வாரம் கழித்து கால் தேக்கரண்டி மட்டும் போட்டுப் பார்த்தார், தாங்கியது. இப்போது சீரகமும் மல்லியும் அரைத் தேக்கரண்டி, சோம்பு ஒரு சிட்டிகை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரே ஒரு கோப்பை.

இப்படிப் பார்க்கும்போது மாலை ஆறு மணிக்கு வயிறு எப்படி இருந்தது என்று 0 முதல் 10-க்குள் ஒரு எண்ணைக் குறித்துவையுங்கள். நினைவை நம்பினால் முடிவு குழம்பிப்போகும்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் குடிக்கலாமா?

சிலருக்குக் கூடிவிடும். குடல் தசையைத் தளர்த்தும் அதே குணம் உணவுக்குழாயின் அடியில் இருக்கும் சுருக்குத் தசையையும் தளர்த்தலாம். அது தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். வயிறு நிறையச் சாப்பிட்டு, மேலே 300 மில்லியும் குடித்து, படுத்தால் கேட்கவே வேண்டாம். குடித்து ஒரு மணி நேரத்துக்குள் புளித்த ஏப்பமோ தொண்டை எரிச்சலோ வந்தால் அளவைப் பாதியாக்கி, படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால் குடித்துப் பாருங்கள். அப்போதும் வந்தால் விட்டுவிடுங்கள்.

குடித்ததும் உதடும் நாக்கும் அரிக்கிறது. சூடு காரணமா?

ஆறவைத்துக் குடித்தும் அரித்தால் ஒவ்வாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள், நிறுத்திவிடுங்கள். சீரகம், மல்லி, சோம்பு மூன்றும் ஒரே குடும்பம். கேரட், செலரி, ஓமம், பெருங்காயம், சதகுப்பை எல்லாம் அதே குடும்பத்தில்தான் வருகின்றன. கேரட்டைப் பச்சையாகக் கடித்தால் வாய் அரிக்கும் என்பவர்களுக்கும், சில மகரந்தங்களுக்குத் தும்மல், கண் அரிப்பு வருபவர்களுக்கும் இந்த விதைகளிலும் அதே தொல்லை வரலாம். புரதங்களின் வடிவம் ஒன்றுபோல் இருப்பதால் உடல் இதையும் அதையும் குழப்பிக்கொள்கிறது. ஒன்றை நிறுத்தி இன்னொன்றைத் தொடர்வது இங்கே சரிவராது, மூன்றையும் நிறுத்திவிட்டு ஒவ்வாமை மருத்துவரிடம் கேளுங்கள்.

உதடு, முகம் வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு, குரல் கம்முவது, மூச்சு இழுப்பது, தலை சுற்றி விழுவது இதில் எது வந்தாலும் உடனே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். முதல் தடவை லேசாக இருந்தது என்பதால் அடுத்ததும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. மேலே சொன்ன ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் சோதனையை இவர்கள் வீட்டில் செய்யவே கூடாது.

கர்ப்பமாக இருக்கும்போது? பால் கொடுக்கும்போது?

சமையலில் சேர்க்கும் அளவு பிரச்சினை இல்லை. தினமும் வலுவான சோம்புத் தண்ணீர் என்பது வேறு. சோம்பில் எஸ்ட்ராகோல் என்ற பொருள் சிறிதளவு இருக்கிறது. அதிக அளவில் கொடுத்தபோது எலிகளுக்குப் புற்று உண்டாக்கியது என்பதால், கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் அதைக் குறைத்துக்கொள்வது நல்லது என்று ஒழுங்குமுறை அமைப்புகள் சொல்கின்றன.

பால் சுரக்கச் சோம்பு என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. 1994-ல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பில், சோம்பும் அதிமதுரமும் வேறு சில மூலிகைகளும் கலந்த தேநீரை நாளுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் குடித்த இரு தாய்மார்களின் பச்சிளம் குழந்தைகள் சோர்ந்து, பால் உறிஞ்சாமல் கிடந்ததும், தேநீரை நிறுத்தியதும் தேறியதும் பதிவாகியிருக்கிறது. கலவையில் எது காரணம் என்று பிரிக்க முடியாது. ஆனாலும் லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டாம் என்பதற்கு அது போதும். குழந்தை வழக்கத்தைவிட அதிகம் தூங்கி, பாலுக்கு எழாமல் இருந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டுக் குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கைக்குழந்தையின் வயிற்று வலிக்குக் கொடுக்கலாமா?

கூடாது. ஆறு மாதம் வரை பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம். இந்தத் தண்ணீரில் வயிறு நிறைந்தால் பால் குறையும், மேலே சொன்ன கிருமி விஷயமும் அந்த வயதில் பெரிய ஆபத்து. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சோம்புத் தேநீரை ஐரோப்பிய முகமையும் பரிந்துரைக்கவில்லை.

மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை எடுத்தவர்கள்?

ஈஸ்ட்ரோஜனால் தூண்டப்படும் வகை என்றால் தினசரி சோம்புத் தண்ணீரைத் தவிர்த்துவிடுங்கள். சோம்பு உடம்பில் ஈஸ்ட்ரோஜன் போல லேசாக வேலை செய்யக்கூடியது. மாதக்கணக்கில் சோம்புத் தேநீர் குடித்த சிறுமிகளுக்கு வயதுக்கு முன்பே மார்பு வளர்ந்த நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன. சமையலில் விழும் நாலு சோம்புக்குப் பயப்படத் தேவையில்லை. சீரகமும் மல்லியும் மட்டும் போட்டுக் குடிக்கலாமா என்று உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேறு எந்த மருந்தோடு மோதும்?

சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் எடுக்கும் நாள்களில் சோம்புத் தண்ணீரை நிறுத்திவையுங்கள். எலிகளில் சோம்பு அதன் உறிஞ்சலை நன்றாகக் குறைத்தது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் புதிதாக எதைத் தினமும் குடிக்க ஆரம்பித்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். சிறுநீரகம் அல்லது இதயம் பலவீனமாகி, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் நீர் என்று அளவு போட்டிருப்பவர்களுக்கு இந்தக் கோப்பையும் கணக்கில் சேரும். மூலிகை என்பதால் அது கணக்கில் வராது என்று நினைத்துக் காலில் வீக்கத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எடை குறையுமா? நச்சு வெளியேறுமா?

இனிப்புப் பானத்துக்குப் பதிலாக இதைக் குடித்தால் அந்தச் சர்க்கரை மிச்சம், அவ்வளவுதான். சிறுநீர் அதிகம் போவது தண்ணீர் அதிகம் குடித்ததால்.

எத்தனை நாள் தொடர்ந்து குடிக்கலாம்?

வயிற்றுத் தொல்லைக்காக என்றால் இரண்டு வாரம். ஐரோப்பிய முகமை சொல்லும் வரம்பும் அதுவே. அதற்குள் குறையவில்லை என்றால் அளவைக் கூட்டாமல் காரணத்தைத் தேடுங்கள். எப்போதாவது ஒரு கோப்பை என்றால் இந்தக் கணக்கு வேண்டாம்.

சில தொல்லைகளுக்கு இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. மலத்தில் ரத்தம், தார் போன்ற கறுப்பு மலம், காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது அடைப்பது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, நிற்காத வாந்தி, கொழுப்பான சாப்பாட்டுக்குப் பின் வலது விலா எலும்புக்குக் கீழே பிடித்து முதுகுக்குப் பரவும் வலி. 50 வயதுக்கு மேல் புதிதாக மலம் போகும் பழக்கம் மாறினாலும், ஒரு பெண்ணுக்குப் புதிதாகத் தொடங்கிய உப்புசம் வாரக்கணக்கில் விடாமல் இருந்தாலும் மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள். கருப்பைக்கட்டி, சினைப்பைப் புற்று போன்றவையும் முதலில் வெறும் உப்புசமாகவே தெரியலாம், சோம்பு குடித்ததும் கொஞ்சம் லேசானதுபோல இருக்கும், அதனாலேயே சிலர் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள்.